சம்பளத்தில் பெரும்பகுதி குழந்தைக் காப்பகத்துக்கே போனால் வேலையை விடலாமா?

"என் சம்பளம் முழுக்கக் காப்பகக் கட்டணத்துக்கே போகிறது. வேலையை விட்டுவிடலாமா?"

முதலில் பார்க்க வேண்டியது கையில் நிற்கும் தொகை. சம்பளத்திலிருந்து வரி, போக்குவரத்து, காப்பகக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது அது. சம்பளம் 100 என்றால் வரியும் பயணமும் 20, காப்பகம் 70, மிஞ்சுவது 10. இதற்காகவா இத்தனை ஓட்டம் என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் இது இந்த ஆண்டின் கணக்கு மட்டுமே. குழந்தை பள்ளிக்குப் போனதும் காப்பகச் செலவு 25 ஆகக் குறைந்தால் மிச்சம் 55. இடையில் விலகியவர் பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில்தான் திரும்புகிறார். ஊதிய உயர்வும் ஓய்வூதியச் சேமிப்பும் விடுபட்டிருக்கும். அந்த இழப்பு பணிக்காலம் முழுதும் தொடரும்.

இரண்டு குழந்தைகளுக்கு 140 கட்ட வேண்டியிருந்தால் மாதம் 60 துண்டு விழும். அதை எத்தனை மாதம் தாங்க முடியும் என்பதே அப்போது கேள்வி. விலகும் முன் நீண்ட விடுப்போ பகுதிநேர வேலையோ கிடைக்குமா என்று கேளுங்கள்.

காப்பகக் கட்டணத்தைக் குறைவாகச் சம்பாதிப்பவரின், பெரும்பாலும் தாயின், சம்பளத்தில் மட்டும் கழிப்பது பரவலான தவறு: வீட்டு வாடகையைப் போல அதுவும் இருவரின் செலவுதான்.