கடைய மூடியாச்சு, சாமான் இருக்கு, ஆள் இருக்கு: சுங்கை சிப்புட் அக்காவுக்கு பதில்

அக்கா, நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். பையன் 14 மாசம் நடத்துன மோட்டார் எக்சசரி கடைய மூடிட்டான், வீட்டு முன்னறை முழுக்க பெட்டியா கிடக்கு, 20 வயசுல வாழ்க்கையே போச்சுங்கிற மாதிரி மூஞ்சிய வச்சிருக்கான்னு சொன்னீங்க. அவங்க மாமா வந்து, "தோத்தவன எதாச்சும் பிரைவேட் காலேஜ்ல பிசினஸ் டிப்ளோமால போட்டுடு, நாளைக்கு பொண்ணு கேக்கப் போனா சொல்லிக்கவாச்சும் ஒரு பேப்பர் வேணும்"னு சொன்னாராம், அவன் அப்பா, நம்ம அண்ணனும் அந்த ஃபீஸுக்காக கேடபிள்யூஎஸ்பி பணத்த எடுக்க பாரம் பாத்துக்கிட்டு இருக்காராம். நீங்க அழுதது எனக்கு கஷ்டமா இருந்துச்சு. ஆனா ஆறுதல் சொல்ல நேரமில்ல, அந்த பாரத்துல கையெழுத்து விழறதுக்கு முன்னாடி நான் பேசியாகணும்.

அண்ணனுக்கு 51 வயசு, லோரி ஓட்டுறாரு. 2024 மே மாசத்துல இருந்து கேடபிள்யூஎஸ்பில புதுசா கட்டுற பணம் மூணா பிரியுது, 75 விழுக்காடு பெர்சாராஆன், 15 செஜாத்தெரா, 10 ஃப்ளெக்சிபல். படிப்புக்குன்னு எடுக்குறது அந்த நடு கணக்குல இருந்துதான். வீட்டுக் கடன், ஆஸ்பத்திரி செலவுன்னு நாளைக்கு ஒண்ணு வந்தாலும் அதே கணக்குதான் அக்கா. காலேஜ்காரங்க குடுத்த தாள்ல 27,000 வெள்ளின்னு போட்டிருக்கு, அண்ணன் கணக்குல இருக்கிறது அதுல பாதி கூட இல்ல, மீதிக்கு கடன். ஒரு சென் கூட எடுக்காதீங்க. வகுப்புல உக்காந்து வியாபாரம் படிக்கணும்னு அவன் ஒரு நாளும் சொன்னதில்ல. ஆசைப்பட்டவன் படிச்சா அது நல்ல படிப்பு, மாமா மானத்துக்காக இவன் படிச்சா ரெண்டாவது செமஸ்டர்லயே வீட்டுக்கு வந்துடுவான். எஸ்டிபிஎம், மெட்ரிக் பத்தியெல்லாம் பள்ளிக்கூடத்துலயே சொல்லியிருப்பாங்க, நான் அதுக்குள்ள போகல.

முதல் நாள் அவன் என்னைப் பாக்க வந்தப்ப என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு தெரியாது. கடைய பத்தி கேட்டா தலைய குனிஞ்சுக்கிட்டான். ஆனா வெளிய நின்ன என் மோட்டார பாத்துட்டு, "சார், செயின் ரொம்ப தொங்குது, மூணு சென்டிமீட்டர் தாண்டிடுச்சு, ஸ்புரோக்கெட் பல்லும் கொக்கி மாதிரி வளைஞ்சிருச்சு, செயின் மட்டும் மாத்தாதீங்க, செட்டா மாத்துங்க"ன்னான். அவன் கடை ஏன் விழுந்துச்சுங்கறதுக்கு பதில் எனக்கு அங்கயே பாதி கிடைச்சிருச்சு.

அவன் வித்தது ரேசிங் எக்சோஸ், கலர் ரிம், குட்டி கண்ணாடி. ஒரு பையன் அத வருசத்துல ஒரு தடவ வாங்குவான், அதுவும் போன்ல ஆன்லைன் விலைய காட்டி பேரம் பேசித்தான் வாங்குவான். சத்தம் போடுற எக்சோஸுக்கு ரோட்டுல சம்மன் விழ ஆரம்பிச்சா அந்த மாசம் அந்தப் பக்கம் யாருமே வர மாட்டாங்க. இதுல மாசம் 700 வெள்ளி வாடகை. இதவிட பெரிய தப்பு ஒண்ணு இருக்கு, நானும் கணக்கு நோட்ட பாத்த பிறகுதான் புரிஞ்சுக்கிட்டேன்: விக்கிற சாமான அவனே ஃப்ரீயா மாட்டிக் குடுத்திருக்கான். சாமான் விலை எல்லார் போன்லயும் இருக்கு, அதுல லாபம் வைக்க முடியாது. மாட்டுற கை அவன்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு, அதுக்கு அவன் காசே வாங்கல.

அதனால அவனுக்கு ரெண்டு வீட்டுப்பாடம் குடுத்தேன். முதல் பாடம், கடை வாட்சாப்ப முதல் நாள்ல இருந்து படிச்சு, "இல்ல அண்ணே, அது நாங்க செய்றதில்ல"ன்னு அவன் திருப்பி அனுப்புன ஒவ்வொண்ணையும் ஒரு நோட்டுல எழுதணும். வித்தத எழுத வேண்டாம், மறுத்தத மட்டும் எழுதுன்னேன். 61 வந்துச்சு அக்கா. டியூப் மாத்துவியா, பிரேக் பிடிக்கல, அப்பா மோட்டார் ஸ்டார்ட் ஆகல வீட்டுக்கு வர முடியுமா, இப்படி. அதுல 38 பேர் கேட்டது "இங்க வர முடியுமா"ங்கிறதுதான். தோட்டத்துல இருந்து டவுனுக்கு 12 கிலோமீட்டர் தள்ளிக்கிட்டா வர முடியும்? அவன் கடைக்கு வந்த இளவட்டப் பையன்களோட அப்பா, சித்தப்பா, மண்டோர், அவங்க கூட வேலை செய்ற இந்தோனேசியா, வங்காளதேச ஆளுங்க, இவங்கதான் உண்மையான கஸ்டமர், அவங்க நம்பர் எல்லாம் இவன் போன்லயே இருந்திருக்கு. அதனால கடைய விட்டுட்டு, தோட்டத்துக்கே போய் மோட்டார் சர்வீஸ் பண்றதுதான் அவனோட புது வேலை.

ரெண்டாவது பாடம், முன்னறையில கிடந்த 9,400 வெள்ளி சாமான மூணு குவியலா பிரிக்கணும். வாங்குன விலைய மறந்துடுன்னு சொன்னேன், அதுதான் அவனுக்கு ரொம்ப வலிச்சுச்சு. தேஞ்சு தேஞ்சு மாறுற சாமான் ஒரு பக்கம்: செயின் செட், பிரேக் ஷூ, பிளக், கேபிள், டியூப், பல்பு, ஆயில். அது 3,100 வெள்ளிக்கு இருந்துச்சு, அப்படியே புது வேலைக்கு போகுது. டயர், எல்இடி லைட் மாதிரி சாமான் 2,300. டயர்ல ஒரு விசயம் பாக்கணும், பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் இருக்கும், 2322ன்னா 2022ஆம் வருசம் 23ஆவது வாரம் செஞ்சது, ரப்பர் சும்மா கிடந்தாலும் இறுகிப் போகும், அதனால பழசுல இருந்து முதல்ல வெளிய போகணும். மூணாவது குவியல் எக்சோஸும் ரிம்மும், 4,000 வெள்ளி போட்டு வாங்குனது. ஈப்போவுல ஒரு கடைக்காரரு 1,200 தர்றேன்னாரு. அவன் நல்ல விலை வரும், காத்திருப்போம்னான், நான் விடல. அந்த 1,200லதான் சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், செயின் கட்டர், டயர் நெம்புகோல், பம்ப், ஆயில் தட்டு, மூடி போட்ட டின் எல்லாம் வாங்குனோம். உங்ககிட்ட இருந்து புதுசா ஒரு வெள்ளி வாங்கல. அண்ணனோட பழைய கஞ்சில் காடியோட பின் சீட்ட கழட்டிட்டா அதுதான் அவன் கடை.

எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல ஓடுற மோட்டாருக்கு ஏன் இவ்வளவு வேலைன்னு மாமா கேப்பாரு. செம்மண் ரோடு, மழை, சேறு. அந்த மண்ணு செயின் கிரீஸோட கலந்தா உப்புக் காகிதம் மாதிரி செயினையும் பல்லையும் தேச்சுக்கிட்டே இருக்கும், நிறைய பேரு செயின் மூடியவும் கழட்டிப் போட்டிருப்பாங்க. பின் சக்கர பேரிங், பிரேக் ஷூ, எல்லாத்துக்கும் அதே கதிதான். டவுன்ல ஓடுற மோட்டார விட இதெல்லாம் சீக்கிரம் போகும், அதோட ஆயில் மாத்துறவன் ஒண்ணு ரெண்டு மாசத்துல திரும்ப வந்தே ஆகணும். எக்சோஸ் வாங்குனவனுக்கு அந்த அவசியம் இல்ல.

பெரட்டு காலையில, வேலை முடிஞ்சு ஆளுங்க லயத்துக்கு வர்றது மதியத்துக்கு மேல. அதனால அவன் போற நேரம் மூணு மணிக்கு பிறகு, வாரம் ரெண்டு நாள். முதல்ல தோட்டத்து ஆபீஸுக்குப் போய் கிராணிகிட்ட பேசி மேனேஜர் கிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும்னு சொன்னேன், மண்டோர் தெரிஞ்சவருன்னு வாய்வார்த்தையில உள்ள போனா ஒரு நாள் கேட்ல நிறுத்துவாங்க, அன்னைக்கு நீட்டுறதுக்கு கையில ஒண்ணும் இருக்காது.

எட்டு நாள் பாத்தாச்சு. 37 வேலை. லேபர் மட்டும் 444 வெள்ளி, பெட்ரோல் 80 போச்சு, அலமாரியில தூங்குன 600 வெள்ளி சாமான் காசா மாறியிருக்கு. இது சம்பளம் இல்ல அக்கா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா எட்டாவது வாரத்துல ஒண்ண எண்ணணும்: முதல் மாசம் ஆயில் மாத்துனவங்கள்ல பாதி பேராவது அவனயே திரும்ப கூப்பிட்டாங்களா? கூப்பிடலன்னா இதையும் நிறுத்தணும், சாமான் கம்மியா இருக்கும்போதே.

மூணு விசயத்துல நான் இறங்கி வர மாட்டேன். சாமானுக்கு கடன் கிடையாது, லேபருக்கு வேணும்னா சம்பள நாள் வரைக்கும் பொறுக்கலாம், ஏன்னா காண்டிராக்ட் முடிஞ்சு ஊருக்குப் போயிட்ட ஆளுகிட்ட போய் செயின் காசு கேக்க முடியாது. இஞ்சின பிரிக்கக் கூடாது, அது அவனுக்கு இன்னும் தெரியாது, புகை தள்ளுற மோட்டார டவுன் வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பணும். பழைய ஆயில லயத்து காணுல ஊத்தவே கூடாது, சட்டத்துல அது எஸ்டபிள்யூ 305னு நம்பர் போட்ட ஷெட்யூல்ட் கழிவு, டின்ல பிடிச்சு கொண்டு வந்து, லைசென்ஸ் உள்ள ஆளு வந்து எடுத்துட்டுப் போற வொர்க்‌ஷாப் டிரம்முல சேக்கணும். டவுன் தவுக்கே ஒத்துக்கிட்டாரு, பெரிய ரிப்பேர் எல்லாம் இவன் அவருக்குத்தானே அனுப்புறான். பதிலுக்கு காலையில அவர் கடையில உக்காந்து இஞ்சின் வேலைய கத்துக்கலாம்னும் சொல்லிட்டாரு.

மாமா கேக்குற பேப்பர் பத்தி இப்ப சொல்றேன், யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. மனிதவள அமைச்சுக்கு கீழ ஜேபிகேன்னு ஒரு திறன் மேம்பாட்டு இலாகா இருக்கு, எஸ்கேஎம் சர்டிபிகேட் அவங்க குடுக்குறது. அத வாங்க முழுநேரமா போய் படிக்கிறது ஒரு வழி. எஸ்எல்டிஎன்னு இன்னொண்ணு, 2005ல ஆரம்பிச்சது, பெரும்பகுதி நேரம் வேலை இடத்துலயும் மீதி வகுப்புலயும். மூணாவது வழி பிபிடி. ஏற்கனவே வேலை செய்றவன், தான் செஞ்ச வேலைய ஆதாரத்தோட காட்டி மதிப்பீடு பண்ணிக்கிட்டு சர்டிபிகேட் வாங்குறது. நோஸுன்னு ஒரு தரப் பட்டியல் இருக்கும், இந்த லெவலுக்கு இன்னின்ன வேலை தெரியணும்னு. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல, நான் இத செஞ்சேன்னு போட்டோ, ஜாப் கார்டு, வேலை வாங்குனவரோட கடிதம் எல்லாம் சேத்து கோப்பா குடுக்கணும், மதிப்பிடுற அதிகாரிங்க பாத்து, கேள்வி கேட்டு, முடிவு சொல்வாங்க.

அதான் முதல் நாள்ல இருந்து ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு எழுத வச்சிருக்கேன். தேதி, மோட்டார் நம்பர், என்ன கோளாறு சொன்னாங்க, என்ன பாத்தான், என்ன மாத்துனான், மாத்துறதுக்கு முன்னாடி பின்னாடி போட்டோ, கடைசியில பிரேக் பிடிச்சு ஓட்டிப் பாத்தானா. நாளைக்கு ஒருத்தன் நீ போட்ட பிரேக்தான் போச்சுன்னு சண்டைக்கு வந்தாலும் அந்த கார்டுதான் பேசும், பிபிடி கோப்புக்கும் அதே கார்டுதான். இன்னைக்கே போய் விண்ணப்பிக்க முடியாது, 37 வேலைய அனுபவம்னு சொல்லக் கூடாது, தவுக்கே கடையில இஞ்சின் வேலையும் சேந்து கார்டு நிறையட்டும், அதுவரைக்கும் பொறுமையா இருங்க. எஸ்கேஎம் மூணாவது லெவல் வரைக்கும், அதுக்கு மேல டிகேஎம், டிஎல்கேஎம்னு டிப்ளோமா லெவலும் அதே ஏணியில இருக்கு. அவனுக்கு அப்புறமா படிக்கத் தோணுனா அங்க போகட்டும்.

எஸ்எஸ்எம்ல பதிஞ்ச பேர ரத்து பண்ணாதீங்க. அதே பதிவுல வியாபார வகைய மட்டும் எக்சசரி விற்பனையில இருந்து மோட்டார் சர்வீஸுக்கு மாத்துனா போதும், மாறி 30 நாளுக்குள்ள சொல்லணும், அதனால இந்த வாரமே போகச் சொல்லுங்க. கடை முகவரியும் போயிடுச்சு, அதையும் சேத்து மாத்தணும்.

வர்ற சனிக்கிழமை தம்பிய 37 கார்டையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அண்ணனும் வரணும், அந்த கேடபிள்யூஎஸ்பி பாரத்த கையெழுத்து போடாம எடுத்துட்டு வரட்டும். மாமாவையும் கூப்பிடுங்க, கார்ட அவரே படிச்சுப் பாக்கட்டும், நான் அவருக்கு பக்கத்துல உக்காந்துக்கிறேன்.