டவுனில் பிரைவேட் நம்பர், தோட்டத்தில் சொந்த நம்பர்

கேள்வி: நான் யாருக்குக் கோல் எடுத்தாலும் 'Private number' என்று விழுகிறதாம். செட்டிங்ஸில் 'Show number' போட்டும் மாறவில்லை. பிழை போனிலா, சிம்மிலா, கம்பெனியிலா?

சிம்மைக் கழற்றி இன்னொரு 4ஜி போனில் போட்டு, அதிலும் '4G Calling', 'Show number' இரண்டையும் போட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கோல் எடுங்கள். நம்பர் விழுந்தால் பிழை உங்கள் போனில். அங்கேயும் மறைந்தால் பிழை லைனில். அதற்குப் பிறகு போனைக் கிண்டுவது வீண் வேலை, கம்பெனிதான் சரி செய்ய வேண்டும். இன்னொரு 4ஜி போன் என்று குறிப்பாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பட்டன் போனில் போட்டுப் பார்த்து ஏமாந்து போனவர்களில் நானும் ஒருவன்.

ஹட்டனில் ஒரு சின்ன போன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட், சிம், ரிப்பேர் எல்லாம் உண்டு. போன மாரியில், ஆட்டோ ஓட்டுகிற மாமா ஒருவர் போனை சொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு நனைந்தபடி வந்தார். "தம்பி, இதுக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சு. டவுன்ல இருந்து பேசுனா பிரைவேட் நம்பர்னு விழுதாம், ஒருத்தரும் எடுக்க மாட்டேங்குறாங்க. தோட்டத்துல இருந்து பேசுனா ஒழுங்கா நம்பர் விழுதாம். நேத்துல இருந்து அங்கேயும் விழலை" என்றார். ஹயர் ஓட்டுகிறவருக்கு இது வயிற்றில் அடிக்கிற விஷயம். பிரைவேட் நம்பர் என்றாலே கடன்காரன் என்று நினைத்து எடுக்காதவர்கள்தான் இங்கே அதிகம்.

அவர் சொன்ன அந்த டவுன், தோட்டம் வித்தியாசத்திலேயே பாதி விடை இருந்தது. ஆனால் அதற்கு முன் "நேற்றிலிருந்து" என்பதை அவிழ்க்க வேண்டியிருந்தது. மகன் ஏதோ வீடியோ பார்த்து, நம்பரைக் காட்ட வைக்கிற கோட் என்று நினைத்து `*31#` அடித்திருக்கிறான். அது நேர் எதிரான வேலையைச் செய்துவிட்டது.

இந்தக் கோடில் ஒரு பொறி உண்டு. பின்னால் நம்பர் போட்டு அடிப்பதற்கும், தனியாக அடிப்பதற்கும் அர்த்தம் தலைகீழ்:

```
#31#07XXXXXXXX   இந்த ஒரு கோலுக்கு மட்டும் மறை
*31#07XXXXXXXX   இந்த ஒரு கோலுக்கு மட்டும் காட்டு
*31#             இனி எல்லாக் கோலுக்கும் மறை
#31#             அந்த மறைப்பை எடு
*#31#            இப்போது எந்த நிலை என்று சொல்
```

இது அண்ட்ரொய்ட் போன்கள் நடந்துகொள்ளும் விதம். மகன் பார்த்த வீடியோவில் நம்பரோடு சேர்த்து அடித்த `*31#` காட்டியிருப்பார்கள். இவன் நம்பரை விட்டுவிட்டான். நான் `#31#` அடித்து, செட்டிங்ஸிலும் 'Show number' போட்டுவிட்டு, தோட்டத்துக்குப் போய் வீட்டில் ஒருவருக்குப் பேசிப் பார்க்கச் சொன்னேன். மாலையில் திரும்பி வந்தார். தோட்டத்தில் பழையபடி நம்பர் விழுகிறது, டவுனில் இன்னும் பிரைவேட்தான்.

நடப்பது என்னவென்றால், நம்பரை மறைத்துக் கோல் எடுத்தாலும் நம்பர் போகாமல் இருப்பதில்லை. அது கோலோடு கூடவே போகிறது, "இதைக் காட்டாதே" என்று ஒரு குறிப்பு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். மறுபக்கத்துக் கம்பெனி அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு, வாங்குகிறவரின் திரைக்கு நம்பரைக் கொடுக்காது. (அதனால் பிரைவேட் நம்பரில் மிரட்டுகிறவர்கள் தங்களைக் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனிப் பதிவில் நம்பர் இருக்கும். பொலிஸில் முறைப்பாடு போனால் எடுக்க முடியும்.)

அந்தக் குறிப்பை மூன்று இடத்திலிருந்து ஒட்டலாம். கோலுக்கு முன்னால் நீங்கள் அடிக்கும் கோட் ஒன்று. போனின் செட்டிங்ஸ் இன்னொன்று. மூன்றாவது, கம்பெனியில் உங்கள் நம்பருக்கென்று இருக்கும் பதிவு. இந்தப் பதிவுக்கு சி.எல்.ஐ.ஆர் என்று பெயர். அதில் "வழக்கமாகக் காட்டு, கேட்டால் மறை" என்றும் வைக்கலாம், "வழக்கமாக மறை, கேட்டால் காட்டு" என்றும் வைக்கலாம், "எப்போதும் மறை, யார் கேட்டாலும் காட்டாதே" என்றும் வைக்கலாம். கடைசி நிலையில் இருந்தால் போனில் 'Show number' போட்டாலும் கம்பெனி அதைக் காதில் வாங்காது. உங்களுக்கு நடப்பதும் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். போனில் 'Network default' என்று இருப்பதற்கு அர்த்தம், முடிவைக் கம்பெனிப் பதிவிடமே விட்டுவிட்டேன் என்பது.

அப்படியானால் மாமாவுக்கு ஏன் தோட்டத்தில் மட்டும் நம்பர் விழுகிறது? ஹட்டன் டவுனில் 4ஜி நன்றாகக் கிடைக்கும். அவருடைய போன் அங்கே கோலையே 4ஜி வழியாக, அதாவது வோல்ட்டீ வழியாக எடுக்கிறது. அவருடைய லயன் இருப்பதோ ஒரு பள்ளத்தில். அங்கே போன் 2ஜிக்கு விழுந்து, பழைய முறையில் கோல் எடுக்கும். இந்த இரண்டு வழிக்கும் கம்பெனிக்குள் வேறு வேறு இயந்திரங்கள், வேறு வேறு பதிவுகள். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஆனால் சில நேரம் ஒன்றில் மாற்றம் ஏறும், மற்றதில் ஏறாது. பழைய பட்டன் போன் ஏமாற்றுவதும் இதனால்தான், அது பழைய வழியை மட்டும்தான் சோதிக்கும். விசாரித்தபோது, 2 கிழமைக்கு முன்னர்தான் பழைய சிம்மைக் கொடுத்து அதே நம்பரில் 4ஜி சிம் மாற்றினேன் என்றார். கோளாறு தொடங்கியதும் அப்போதிருந்துதான்.

சந்தேகத்தை உறுதி செய்ய மலை இறங்கி ஏறத் தேவையில்லை. சிம் செட்டிங்ஸில் 'VoLTE' அல்லது '4G Calling' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கடையிலேயே அதை நிறுத்திவிட்டு என் போனுக்குக் கோல் எடுத்தேன், நம்பர் விழுந்தது. மறுபடி போட்டு எடுத்தேன், 'Private number'. `*#31#` அடித்தபோதும் அதே கதை. வோல்ட்டீ நிறுத்தியிருக்கும்போது "Caller ID defaults to not restricted. Next call: Not restricted" என்று வந்தது. போட்டதும் "You can't change the caller ID setting" என்றது. இந்த இரண்டாவது வாசகம்தான் நீங்கள் தேட வேண்டியது. நிரந்தர மறைப்பு கம்பெனிப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் போனே வாயால் ஒப்புக்கொள்வது அது. "Caller ID defaults to restricted" என்று மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம், அதை 'Show number' மாற்றிவிடும்.

கஸ்டமர் கெயாருக்கு எடுத்தோம். இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "நம்பர் விழவில்லை" என்று சொன்னால், உங்களுக்கு வரும் கோலில் நம்பர் விழவில்லை என்று புரிந்துகொண்டு, அந்தச் சேவையைப் போட்டுவிட்டு "இப்போது சரி" என்பார்கள். அது வேறு சமாச்சாரம். மாமாவுக்கும் முதல் தடவை அதேதான் நடந்தது. அடுத்த தடவை நான் போனை வாங்கி, "வெளியே போகும் கோலில் நம்பர் மறைகிறது. சி.எல்.ஐ.ஆர் எடுத்துவிடுங்கள். வோல்ட்டீ போட்டால் மறைகிறது, நிறுத்தினால் தெரிகிறது, அதனால் வோல்ட்டீ பக்கத்துப் பதிவையும் பாருங்கள்" என்று சொன்னேன். கடைசி வாக்கியம் முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் பழைய பதிவை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று வைத்துவிடுவார்கள்.

இன்னொரு தடங்கல் அடையாள அட்டை. சிம் மாமாவின் அக்கா பெயரில் இருந்தது. தோட்டத்தில் இது சகஜம், யாருடைய கார்டு கைக்குக் கிடைத்ததோ அவர் பெயரில் சிம் எடுத்திருப்போம். பதிவை மாற்ற உரிமையாளரே பேச வேண்டும் என்றார்கள். அக்கா கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை காத்திருந்து, அவரைப் பேச வைத்தோம். மறுநாள் மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனாலும் கோல் பிரைவேட்டாகவே போனது. போனை நிறுத்திப் போட்ட பிறகுதான் நம்பர் விழுந்தது. அதனால் மாற்றியதாகச் சொன்னதும் ஒரு தடவை போனை நிறுத்திப் போடுங்கள், அதற்கு முன் சண்டைக்குப் போகாதீர்கள்.

அந்த ஒரு நாளும் மாமாவை வோல்ட்டீயை நிறுத்தி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். கோல் இணைய ஒன்றிரண்டு செக்கன் கூடுதலாக எடுக்கும், பேசும்போது டேட்டா நிற்கலாம், ஆனால் ஹயர் போகாது.

உங்கள் விஷயத்தில் இன்னும் இரண்டைப் பார்த்துவிடுங்கள். எல்லோருக்குமா மறைகிறது, அல்லது ஒரு சிலருக்கு மட்டுமா? சிலருக்கு மட்டும் என்றால், அவர்களுடைய நம்பரை `#31#` சேர்த்தே சேமித்து வைத்திருக்கிறீர்களா என்று திறந்து பாருங்கள். எப்போதோ ஒரு தடவை மறைத்துப் பேசியதை அப்படியே சேமித்துவிட்டு மறந்தவர்கள் உண்டு. இரண்டு சிம் என்றால் ஒவ்வொரு சிம்முக்கும் செட்டிங்ஸ் தனி. நீங்கள் 'Show number' போட்டது எந்த சிம்முக்கு என்று பாருங்கள்.

வெளிநாட்டுக்கு எடுக்கும்போது மட்டும் 'Unknown' என்று விழுந்தால் அது இந்த நோயே அல்ல. 'Private' என்றால் பெரும்பாலும் காட்டாதே என்று சொல்லியிருக்கிறார்கள், 'Unknown' என்றால் நம்பரே வந்து சேரவில்லை. குவைத்தில், டுபாயில் இருக்கும் அக்கா தங்கச்சிமாருக்கு எடுக்கும் கோல் இடையில் பல கம்பெனிகளின் கை மாறிப் போகும். வழியில் ஒருவர் நம்பரை விட்டுவிட்டால் அதோடு சரி. உங்கள் போனிலோ லைனிலோ அதற்கு வைத்தியம் கிடையாது. அங்கே இருப்பவருக்கு முதலில் இமோவில் ஒரு வொய்ஸ் போட்டுவிட்டு எடுங்கள்.

சிம் மாற்றிப் பார்த்துவிட்டு, வோல்ட்டீ போட்டும் நிறுத்தியும் `*#31#` என்ன சொல்கிறது என்று அந்த வாசகத்தை அப்படியே கொமெண்டில் எழுதுங்கள். கம்பெனியிடம் என்ன சொல்லிக் கேட்பது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.