முதல் நான்கு நாள் சின்ன முள் மட்டும் போதும்

கேள்வி: மும்பையில் தமிழ்வழி இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். முள் கடிகாரத்தில் மணி பார்க்க இரண்டு வாரத்தில் சொல்லிக்கொடுக்கணும். எந்த நாளில் எதை வைப்பது? போன வருஷப் பிள்ளைகள் கடைசி வரை 3:50-ஐ 4:50 என்றே சொன்னார்கள்.

அந்த 3:50-ஐ வைத்துத்தான் மொத்தத் திட்டத்தையும் போட வேண்டும். நானும் தாராவிப் பக்கம் இதே வகுப்பு எடுப்பவள்தான். 3:50-க்குச் சின்ன முள் கிட்டத்தட்ட நாலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பிள்ளை கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறது. சின்ன முள் எண்ணுக்கு எண் தாவுவதில்லை, ஒரு மணி நேரம் முழுக்க ஊர்ந்து போகிறது என்பதை அது கவனித்ததே இல்லை. முதல் நாளே இரண்டு முள்ளையும் காட்டினால், அதிகம் நகர்கிற பெரிய முள்ளின் மேல்தான் எல்லார் கண்ணும் போகும்.

அதனால் வாரத்துக்கு ஐந்து என்று பத்து வகுப்பு இருந்தால், முதல் நான்கையும் ஒற்றை முள் கடிகாரத்துக்கே கொடுங்கள். பங்கார் என்கிற காயலான் கடையில் பழைய சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரியையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டு, நொடி முள்ளையும் பெரிய முள்ளையும் நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். சிலவற்றில் நடுவில் சின்ன நட்டு இருக்கும், அதை முதலில் கழற்ற வேண்டும். முள்ளைத் திருகி இழுக்காதீர்கள், வளைந்துவிடும். பின்னால் இருக்கும் திருகைச் சுற்றினால் சின்ன முள் மெதுவாக நகரும். அட்டையில் பின் குத்திச் செய்யும் கடிகாரம் இந்தக் கட்டத்துக்கு உதவாது. அதில் இரண்டு முள்ளும் தனித்தனியாக ஓடும். பிள்ளை பெரிய முள்ளை 6-க்கு நகர்த்திவிட்டு, சின்ன முள்ளை 3-லேயே விட்டு மூன்றரை என்று சொல்லப் பழகிவிடும்.

முதல் இரண்டு நாள் பேச்சு மட்டும்தான். திருகைச் சுற்றிக்கொண்டே நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். "சரியா மூணு", "மூணு தாண்டிடுச்சு", "மூணுக்கும் நாலுக்கும் பாதி வழி", "நாலு ஆகப்போகுது", இந்த நாலே பதில் போதும். இலக்கத்தில் எழுதவே வேண்டாம். மூன்றாம் நாள் வெறும் வட்டத்தில் அவர்களே முள் வரையட்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரம், பள்ளி விடும் நேரம், அப்பா ஷிப்ட் முடிந்து வரும் நேரம். இந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் நேரம்தான் நன்றாகத் தெரியும், அது தவறினால் வீட்டில் என்ன ஆகும் என்றும் தெரியும்.

நான்காம் நாள் முழுக்க ஒரே கேள்வி. முள்ளை நாலுக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டு, "நாலு ஆச்சா?" என்று கேளுங்கள். "இன்னும் ஆகலை டீச்சர்." "அப்போ கடைசியா எந்த எண்ணைத் தாண்டிச்சு?" "மூணு." இந்த உரையாடல் தானாக வரும்வரை விடாதீர்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. "இரண்டு எண்ணுக்கு நடுவில் முள் இருந்தால் சின்ன எண்ணைச் சொல்லு" என்று பல பேர் குறுக்கு வழி சொல்லித்தருவார்கள். 12-க்கும் 1-க்கும் நடுவில் முள் வந்ததும் அது கவிழ்ந்துவிடும். 12:40-ஐப் பிள்ளை 1:40 என்று சொல்லும். 'கடைசியாகத் தாண்டிய எண்' என்று பழக்கினால் எங்கேயும் பிசகாது.

ஐந்தாம் நாள் பெரிய முள்ளைத் திரும்ப மாட்டுங்கள், பிள்ளைகள் பார்க்கவே. சின்ன முள் ஒரு எண்ணின் மேல் சரியாக நிற்கும்வரை சுற்றிவிட்டு, பெரிய முள்ளை 12-ஐப் பார்த்து வைத்து அழுத்த வேண்டும். இல்லையென்றால் கடிகாரம் எப்போதும் ஒத்துவராது. இப்போது திருகைச் சுற்றினால், பெரியது முழு வட்டம் போவதற்குள் சின்னது ஒரே ஒரு எண் நகரும். பெரியது பாதி வட்டம் போனால் சின்னது பாதி வழி. அரை மணி என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது. ஆறாம் நாளும் முழு மணி, அரை மணியிலேயே இருங்கள்.

ஏழாம் நாளுக்கு ஐந்து ஐந்தாக 60 வரை எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே வகுப்புத் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் வாய்ப்பாடு மாதிரி சொல்லவைத்து வாருங்கள். 60 செ.மீ. நீளக் காகிதப் பட்டை ஒன்று வெட்டி, செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, ஐந்தாவது கோடு ஒவ்வொன்றிலும் 5, 10, 15 என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு முனையையும் ஒட்டினால் ஏறத்தாழ 19 செ.மீ. குறுக்களவுள்ள வளையம் வரும். அதே அளவில் வரைந்த கடிகார முகத்தைச் சுற்றி, ஒட்டிய இடம் 12-க்கு நேராக வரும்படி வைத்தால், 4-க்கு நேரே 20 வந்து உட்காரும். '4 என்றால் எப்படி 20?' என்ற கேள்விக்குப் பதில் அவர்கள் கையிலேயே இருக்கும். பட்டையின் முடிவும் தொடக்கமும் ஒரே இடம் என்பதால் 60 நிமிடம் ஆனதும் புது மணி தொடங்குவதும் புரிந்துவிடும்.

எட்டாம் நாள்தான் 3:50. வரிசை மாறக் கூடாது: முதலில் பெரிய முள்ளைக் கையால் மறைத்து, சின்ன முள்ளைப் படித்து 3 என்று எழுத வேண்டும். பிறகு கையை எடுத்து, பட்டையைப் பார்த்து 50. கால், முக்கால் மணியும் இதே நாளில் சேர்ந்துகொள்ளும். ஒன்பதாம் நாள் மட்டும் அந்த அட்டைக் கடிகாரத்தை வெளியே எடுங்கள். பெரிய முள் 6-இல், சின்ன முள் 4-இன் மேல் சரியாக. "இப்படி ஒரு கடிகாரம் ஓட முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். சண்டையே நடக்கும், நடக்கட்டும்.

பத்தாம் நாள் ஆறு கடிகாரம் போதும்: 7:00, 2:30, 9:15, 3:50, 12:40, 11:55. மதிப்பெண்ணை விட, எந்த மாதிரித் தப்பு என்று குறித்துவையுங்கள். 9:15-ஐ 9:03 என்றால் பட்டைக்குத் திரும்ப வேண்டும். 7:00-ஐ 12:35 என்றால் முள்கள் மாறிப்போயிருக்கின்றன. முள்ளுக்குச் சிவப்பு, நீலம் அடித்திருந்தால் இந்தத் தப்பு அதிகம் வரும். நிறத்தைப் பார்ப்பார்கள், நீளத்தைப் பார்க்க மாட்டார்கள். இரண்டாம் வாரம் தொடங்கும்போதே நிறத்தை எடுத்துவிடுங்கள். 3:50 இன்னும் 4:50 என்றே வந்தால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒற்றை முள் கடிகாரத்தில் நான்காம் நாள் வகுப்பை மறுபடி நடத்துங்கள், பெரிய முள் பற்றிப் பேசவே வேண்டாம்.

3:47 போன்ற ஒற்றை நிமிடக் கணக்கும், '3:50-லிருந்து 4:20 வரை எவ்வளவு நேரம்' என்பதும் இந்த இரண்டு வாரத்தில் வேண்டாம். இங்கிலாந்துப் பாடத்திட்டத்திலும் 6-7 வயதுக்கு ஐந்து நிமிடக் கணக்கு வரைதான் மணி பார்க்கச் சொல்கிறார்கள். ஸ்டேஷன் இண்டிகேட்டரில் 15:50 என்று பார்த்துவிட்டு வந்து கேட்கிற பிள்ளைக்குத் தனியாகச் சொல்லுங்கள், வகுப்பில் எடுக்காதீர்கள்.