ஏற்காடு தோட்டத்துக்கு மாமாவின் பெயரில் பவர்: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

“சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன், இந்தியக் குடியுரிமைதான். பாகப்பிரிவினையில் எனக்கு ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காபித் தோட்டமும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வாடகை வீடும் வந்தன. அக்காவின் கணவர்தான் இரண்டையும் பார்த்துக்கொள்கிறார். மாமா நல்லவர். பத்திரம் எழுதுபவர் ஒரு ‘ஜெனரல் பவர்’ மாதிரி அனுப்பியிருக்கிறார். அப்படியே கையெழுத்துப் போடலாமா?”

வேண்டாம். அந்த மாதிரியை எடுத்து “விற்க, அடமானம் வைக்க, கிரய ஒப்பந்தம் செய்ய, முன்பணம் பெற” என்ற வரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஜெனரல் பவர் மாதிரிகள் விற்பனைக்காகவே எழுதப்பட்டவை. நிர்வாகத்துக்கும் அதையே நகலெடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மாமாவின் நல்ல மனம் இங்கே கேள்வியே இல்லை. பத்திரத்தை நம்பி நாளை யார் பணம் கொடுப்பார் என்பதுதான் கேள்வி.

பவர் பத்திரத்தை நீதிமன்றங்கள் சொல்லுக்குச் சொல் பார்த்தே பொருள் கொள்கின்றன. நிர்வகிக்க அதிகாரம் கொடுத்தால், விற்கும் அதிகாரம் தானாக வந்துவிடாது. ஆகவே தேவையான வேலைகளைத் தனித்தனியாக எழுதுங்கள். வீட்டுக்கு: “ஒரு தடவைக்கு 11 மாதங்களுக்கு மிகாமல் வாடகைக்கு விடவும், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பதியவும், ரசீது கொடுக்கவும், காலி செய்ய அறிவிப்பு அனுப்பவும், வழக்கறிஞரை நியமிக்கவும்.” தோட்டத்துக்கு: கூலி கொடுப்பது, உரம் வாங்குவது, காபியையும் மிளகையும் விற்பது, வருவாய்த் துறையிலும் மின்வாரியத்திலும் மனுப் போடுவது. மிளகுக் கொடியைக் காய்ப்புக்கு முன்பே வியாபாரியிடம் குத்தகைக்கு விடும் வழக்கம் இருந்தால், “ஒரு பருவத்துக்கு மட்டும்” என்று சேருங்கள். பல பருவங்களுக்கு ஒரே தொகை வாங்கிவிட்டால், வியாபாரியை நடுவில் வெளியேற்றுவது எளிதல்ல.

மரம் தனிக் கதை. நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் நிற்கும் சில்வர் ஓக் மரங்களை மொத்தமாக விலை பேச ஆட்கள் வருவார்கள். மலைப்பகுதியில் மரம் வெட்ட அனுமதி வேண்டும். அனுமதியின்றி வெட்டினால் வழக்கு நில உரிமையாளரான உங்களைத் தேடி வரும். எனவே மரம் விற்கும் அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

அதன்பின் ஒரு தனிப் பத்தி: விற்பனை, தானம், அடமானம், கிரய ஒப்பந்தம், 11 மாதங்களுக்கு மேற்பட்ட குத்தகை, இந்த அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பது ஆகிய எதற்கும் முகவரான மாமாவுக்கு அதிகாரம் இல்லை. கடைசியில் வரும் “மற்றும் தேவையான சகல காரியங்களையும்” என்ற வழக்கமான வரியை “மேற்சொன்னவற்றுக்குத் துணையாக மட்டும்” என்று கட்டிப் போடுங்கள். மாமா உங்களுக்குப் பணம் கொடுத்ததாகவோ, சொத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்றோ ஒரு சொல்கூட நுழையக் கூடாது. முகவருக்குச் சொத்தில் சொந்த நலன் இருந்தால், அவருக்குப் பாதகமாகப் பவரை ரத்து செய்ய முடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவு.

வாடகையும் முன்பணமும் வெளிநாட்டில் வசிப்பவராக இந்திய வங்கியில் நீங்கள் வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்குக்கே வர வேண்டும் என்று எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு வாடகை கொடுப்பவர் வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பதால், ஒப்பந்தத்தில் உங்கள் நிலை தெளிவாக இருப்பது குடியிருப்பவருக்கும் நல்லது. செலவுக்கு மாத வரம்பு, அதற்கு மேல் மின்னஞ்சலில் ஒப்புதல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. பத்திரத்துக்கு இரண்டு ஆண்டுக் காலவரம்பும் வையுங்கள்.

சொத்து விவரத்தில் கிராமம், சர்வே எண், பட்டா எண், பரப்பு, நான்கெல்லை எல்லாம் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். அதில் உங்கள் பெயர் தலைப்பெழுத்தோடும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சேர்த்தும் இருந்தால் இரண்டையும் “என்கிற” போட்டு எழுதிவிடுங்கள். இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை அங்கேயே நின்றுவிடும்.

கையெழுத்தை இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில், ஒவ்வொரு பக்கத்திலும் போட்டுச் சான்று பெறுங்கள். மூலப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்த மூன்று மாதத்தை எண்ணத் தொடங்கும் நாளுக்குக் கூரியர் உறைதான் சாட்சி. மாமா அதைக் கிழித்துப் போட்டுவிடாமல் பத்திரத்தோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஒரு பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அசையாச் சொத்துக்கான பவரைப் பதிவு செய்வது 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தமிழ்நாட்டில் கட்டாயம். வெளிநாட்டில் எழுதப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் வில்லங்கச் சான்றில் உங்கள் பவர் தெரியாமல் போகலாம். அதன் ரத்தும் அப்படியே. பின்னாளில் ரத்து செய்ய நேர்ந்தால் மூலப் பத்திரத்தைத் திரும்பப் பெறுவதோடு, மாமாவுக்கும் குடியிருப்பவருக்கும் மிளகு வியாபாரிக்கும் சார்பதிவாளருக்கும் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் தபாலில் தெரிவியுங்கள். தெரிவிக்காமல் விட்டால், ரத்தானது தெரியாமல் மாமாவிடம் பணம் கொடுத்தவரைக் குறை சொல்ல முடியாது.