பெரியம்மா கையெழுத்து செல்லுமா?

கேள்வி: என் தங்கை ஜோகூர் பாருவில் தங்கி, தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறாள். விவாகரத்தாகிவிட்டது. பிள்ளைகள் அவள் பொறுப்பு என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. மகளுக்கு 16, மகனுக்கு 9. ஆறு வருஷமாக இருவரும் பட்டர்வொர்த்தில் என்னோடுதான். போன மாதம் ராத்திரி பெரியவளுக்கு வயிற்று வலி. குடல்வால், ஆபரேஷன் செய்யணும் என்றார்கள். நான் கையெழுத்துப் போடப் போனால், “அம்மாவோ அப்பாவோ வேணும்” என்று பாரத்தை எடுத்துக்கொண்டார்கள். “எனக்குப் பதினாறு ஆச்சு, நானே போடுறேன்” என்றாள் பிள்ளை. அதுவும் முடியாதாம். கடைசியில் தங்கையிடம் போனில் பேசித்தான் செய்தார்கள். எந்த வயதில் பிள்ளை தானே கையெழுத்துப் போடலாம்? வளர்க்கிற எனக்கு உரிமை இல்லையா? சின்னவனுக்கு டான்சில் ஆபரேஷன் வருகிறது. அவன் அப்பா வேண்டாம் என்கிறார்.

— பட்டர்வொர்த் வாசகி

பதில்: மலேசியாவில் அந்த வயது 18, அம்மா. சிகிச்சைக்கென்று தனியாக ஒரு வயதைச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. அதனால் 1971ஆம் ஆண்டின் பருவ வயதுச் சட்டம் சொல்லும் பொதுக் கணக்கைத்தான் மருத்துவமனைகள் பிடித்துக்கொள்கின்றன. பதினெட்டு முடியாதவர் என்றால் பெற்றோரையோ சட்டப்படியான பாதுகாவலரையோ கேட்பார்கள்.

பதினாறு என்ற எண் உங்கள் பிள்ளைக்கு எங்கிருந்து கிடைத்தது என்று எனக்குத் தெரியும். இணையத்தில் தேடினால் முதலில் வருவது இங்கிலாந்துச் சட்டம். அங்கே 1969இல் போட்ட ஒரு சட்டப்படி பதினாறு வயதுக்காரரே சிகிச்சைக்குச் சம்மதம் தரலாம். அதற்கும் கீழ் வயதுப் பிள்ளை விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்கிற முதிர்ச்சியோடு இருந்தால் அதன் சம்மதமும் போதும் என்று 1985இல் கில்லிக் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. நம் சிவில் சட்டம் 1956, தீபகற்ப மலேசியாவுக்கு இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தை 1956 ஏப்ரல் 7ஆம் தேதி இருந்த நிலையில்தான் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு அங்கே வந்த தீர்ப்பை இங்கே நீதிபதி மதித்துப் படிக்கலாம், ஆனால் அது அவரைக் கட்டுப்படுத்தாது. இந்த நிலையில், ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் நிற்கும் டாக்டர் பதினாறு வயதுப் பிள்ளையின் கையெழுத்தை மட்டும் நம்பிக் கத்தியை எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பன்னிரண்டு என்று சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் கட்டுக்கதை இல்லை. தண்டனைச் சட்டத்தின் 90ஆம் பிரிவு, பன்னிரண்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் சம்மதத்தைச் சம்மதமாகவே எண்ணுவதில்லை. 89ஆம் பிரிவு, அந்த வயதுப் பிள்ளையின் நன்மைக்காகப் பாதுகாவலர் சம்மதத்தோடு செய்ததைக் குற்றமாக்குவதில்லை. ஆனால் டாக்டர் மேல் குற்ற வழக்கு வருமா வராதா என்ற கேள்விக்குத்தான் அங்கே பதில் இருக்கிறது. பின்னால் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு வந்தால், “பிள்ளைக்குப் பன்னிரண்டு தாண்டிவிட்டதே” என்ற வாதம் டாக்டரைக் காப்பாற்றும் என்று நான் சொல்லமாட்டேன்.

இதற்காகப் பெரியவளைப் பேசாமல் கிடத்திவைக்கலாம் என்று அர்த்தமில்லை. என்ன செய்யப் போகிறார்கள், எங்கே வெட்டுவார்கள், மயக்கம் எப்படி இருக்கும் என்று அவளிடம் சொல்லி, அவள் மனசையும் கேட்க வேண்டும். நல்ல டாக்டர் பாரத்தில் அவளையும் ஒரு கையெழுத்துப் போடச் சொல்வார். அது அம்மாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அதன் இடத்தைப் பிடிக்காது.

இனி உங்கள் உரிமை. கசப்பாக இருந்தாலும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: ஆறு வருஷம் சோறு போட்டு வளர்த்தது உங்களைச் சட்டத்தின் கண்ணில் பாதுகாவலராக்காது. பாதுகாவலர் என்பவர் நீதிமன்றம் நியமித்தவராக இருக்க வேண்டும், அல்லது இறந்துபோன தாயோ தகப்பனோ உயிலில் எழுதிவைத்தவராக இருக்க வேண்டும். சிறார் பாதுகாவலர் சட்டம் 1961, பிறகு 1999இல் வந்த திருத்தத்தின்படி, தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே அதிகாரத்தைத் தருகிறது. இருவரில் ஒருவர் தனியாகவே கையெழுத்துப் போடலாம். பெரியம்மா, பாட்டி, தாய்மாமன் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பாதுகாவலர் யார் என்பதை ஷரியா சட்டம் பார்த்துக்கொள்ளும். அது வேறு கணக்கு.

அன்றைக்கு ராத்திரி நடந்ததை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். குடல்வால் வீங்கியிருந்தது, இன்னும் வெடிக்கவில்லை. ஊசி மருந்து போட்டு, வெறும் வயிற்றில் வைத்து, தியேட்டருக்கு ஏற்பாடு செய்ய எப்படியும் சில மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் தாயைப் போனில் பிடிக்க முடிந்தது. அதனால் உங்கள் கையெழுத்தை மறுத்ததும், தாய் பஸ் பிடித்து வந்து சேரட்டும் என்று காலைவரை காத்திருக்காமல் போனில் சம்மதம் வாங்கியதும், இரண்டுமே சரி. போன் சம்மதத்துக்கு ஒரு முறை இருக்கிறது. டாக்டரே தாயிடம் பேச வேண்டும், இன்னொரு ஊழியர் கூட நின்று கேட்க வேண்டும், பேசிய நேரமும் இருவர் பெயரும் குறிப்பேட்டில் ஏற வேண்டும். நீங்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு “தங்கச்சி சரின்னு சொல்றா” என்றால் போதாது. ஆபத்துகளைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்று ஃபூ ஃபியோ நா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் சொல்லிவிட்டது. பிள்ளைக்காக முடிவெடுப்பவர் தாய் என்பதால், அந்த விளக்கம் அவள் காதில்தான் விழ வேண்டும்.

சரி, தாயின் போன் அணைந்து கிடந்து, குடல்வாலும் வெடித்திருந்தால்? அப்போது யார் கையெழுத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இதற்கென்றே ஒரு உதாரணம் தருகிறது: உடனே அறுவை செய்யாவிட்டால் உயிர் போகும் நிலையில் ஒரு பிள்ளை, பாதுகாவலரைக் கேட்க நேரமில்லை, பிள்ளையே வேண்டாம் என்று கெஞ்சுகிறது, அறுவை மருத்துவர் அதன் நன்மைக்காகச் செய்துவிடுகிறார். அது குற்றமில்லை. மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி, இப்படிப்பட்ட நேரத்தில் இன்னொரு டாக்டரும் ஒத்துக்கொண்டு அதை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது. ஆகவே அந்த நிலையில் உங்களைப் பார்த்து யாராவது “கையெழுத்து இல்லையே” என்று தயங்கினால், “காத்திருந்தால் உயிருக்கு ஆபத்தா டாக்டர்?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால், “இன்னொரு டாக்டரைக் கேட்டு ஆரம்பியுங்கள்” என்று சொல்லுங்கள்.

தங்கையிடம் ஒரு சத்தியப் பிரமாணம் எழுதி வாங்கிவைப்பது நல்லது. மலாயில் சூராட் அக்குவான் என்பது. பெசுருஹ்ஜாயா சும்பா எனும் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் அவள் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகளின் பெயர், மைகார்டு, மைகிட் எண்கள், உங்கள் அடையாளக் கார்டு எண், அவர்கள் உங்களோடு இருப்பது, மருத்துவமனையில் சேர்க்கவும் சாதாரண சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளவும் உங்களுக்கு அவள் அனுமதி தருவது, பெரிய சிகிச்சை என்றால் அவளைக் கூப்பிட வேண்டிய இரண்டு போன் எண்கள், எந்தத் தேதிவரை செல்லும் என்பது எல்லாம் அதில் வரட்டும். பிறப்புப் பத்திர நகலையும் நீதிமன்ற உத்தரவு நகலையும் சேர்த்துக் கிளிப் போட்டு வையுங்கள். இந்தத் தாள் உங்களைப் பாதுகாவலராக்கிவிடாது. ஆபரேஷன் என்றால் தாயை அப்போதும் அழைப்பார்கள். ஆனால் நீங்கள் யார் என்று முன்மேசையில் நின்று விளக்கும் நேரம் மிச்சம். நீதிமன்றத்தில் உங்களையே பாதுகாவலராக நியமிக்கக் கேட்கலாம்தான். தாய் உயிரோடு, கூப்பிட்டால் எடுக்கிற தூரத்தில் இருக்கும்போது அந்தச் செலவு உங்களுக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அனுமதிப் பிரிவில் நீட்டும் தாள்களில் ஒன்று பில்லுக்கு நீங்கள் பொறுப்பு என்று சொல்லும் ஜாமீன் பாரம். “பெரியம்மாதானே, போடுங்க” என்று அதை மட்டும் தாராளமாக வாங்கிக்கொள்வார்கள். சிகிச்சைச் சம்மதத்துக்குச் செல்லாத உங்கள் கையெழுத்து கடனுக்கு நன்றாகவே செல்லும். தலைப்பைப் படிக்காமல் போடாதீர்கள்.

சின்னவன் விஷயம். ஒன்பது வயதில் அவன் சம்மதம் கணக்கில் வராது, பெரியவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும். சட்டச் சீர்திருத்தச் சட்டம் 1976, அதாவது நம் திருமண, விவாகரத்துச் சட்டம், 89ஆம் பிரிவில், பிள்ளையின் பொறுப்பு யாருக்குக் கிடைத்ததோ அவரே வளர்ப்பு பற்றிய எல்லாக் கேள்விகளையும் முடிவு செய்யலாம் என்கிறது. ஆனால் உத்தரவில் போட்டிருக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான். ஆகவே உத்தரவை எடுத்துக் கடைசி வரிவரை படியுங்கள். “மருத்துவ முடிவுகளில் இருவரும் கலந்து பேச வேண்டும்” என்று ஒரு வரி இருந்தால் அவன் அப்பாவைக் கேட்டே ஆக வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் பொறுப்பு முழுக்கத் தங்கைக்கு என்றிருந்தால் அவள் கையெழுத்து போதும். அவருக்கு ஆட்சேபம் இருந்தால் உயர்நீதிமன்றத்துக்குப் போகட்டும். அங்கே பிள்ளையின் நலன்தான் முதல் அளவுகோல்.

அவர் வார்டில் வந்து சத்தம் போட்டால் பெரும்பாலும் மருத்துவமனை தேதியைத் தள்ளிவைக்கும். டான்சில் அவசரமில்லை என்பதால் அதை நாம் குறை சொல்லவும் முடியாது. அதைத் தவிர்க்க, தங்கை ஒரு நாள் லீவு போட்டு மயக்க மருத்துவப் பரிசோதனைக்கு அவனோடு நேரில் வரட்டும். உத்தரவின் சான்றிட்ட நகலைக் கோப்பில் சேர்க்கச் சொல்லி, அன்றே சம்மத பாரத்திலும் கையெழுத்துப் போடட்டும்.

பெற்றோர் மறுத்தால் பிள்ளைக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் பாதை வேறு. குழந்தைகள் சட்டம் 2001, 24ஆம் பிரிவுப்படி, பிள்ளையைச் சமூக நல இலாகாவின் பாதுகாப்பு அதிகாரி தன் தற்காலிகப் பொறுப்பில் எடுத்திருந்து, உடல்நிலைக்கு உடனடி ஆபத்து என்று அரசு மருத்துவ அதிகாரி எழுதிக் கொடுத்தால், பாதுகாப்பு அதிகாரியே சிகிச்சைக்கு அனுமதி தரலாம். பெற்றோர் நியாயமின்றி மறுக்க வேண்டும், அல்லது நியாயமான நேரத்துக்குள் கிடைக்காமல் இருக்க வேண்டும், அல்லது அவர்களே பிள்ளையைக் கொடுமைப்படுத்தியதாக அவர் நம்பக் காரணம் இருக்க வேண்டும். இலாகாவைக் கூப்பிட தாலியான் காசே எண் 15999. டான்சிலுக்கு இந்தப் பாதை இல்லை.