விடிய விடிய யோசித்தும் விடை வராத கேள்விகள்

கேள்வி: எனக்கு 39 வயது. எங்கள் ஆபீஸில் ஆட்குறைப்பு வரும் என்று பேச்சு. படுத்தால் தூக்கம் வருவதில்லை. வேலை போனால் வீட்டுக்கடன் என்ன ஆகும், மகள் படிப்பு என்ன ஆகும் என்று இரண்டு மணி, மூன்று மணி வரை யோசித்துக்கொண்டே கிடக்கிறேன். போன வருஷம் இதே மாதிரி மகளின் உடம்பைப் பற்றி. அதற்கு முன்னால் வேறொன்று. கணவர் "யோசிக்காதே" என்கிறார். யோசிக்காமல் விட்டால் பிரச்சினை எப்படித் தீரும்? யோசிப்பது தப்பா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: யோசிப்பது தப்பே இல்லை. "யோசிக்காதே" என்பது யாராலும் நிறைவேற்ற முடியாத உத்தரவு என்பதால், உங்கள் கணவர் அதைச் சொல்லிப் பயனும் இல்லை. ஆனால் இரவில் நீங்கள் செய்வது யோசனைதானா என்று முதலில் பார்த்துவிடுவோம்.

நேற்றிரவு ஓடியதை ஒரு தாளில் எழுதுங்கள். என்னென்ன கேள்விகள் எழுந்தன என்பது வேண்டாம். எந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது, அதனால் இன்று செய்ய வேண்டிய வேலை ஏதாவது தெளிவானதா என்பதை மட்டும் எழுதுங்கள். உங்களைப் போல என்னிடம் வருபவர்களில் பலர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மூன்று மணி நேர உழைப்புக்குத் தாளில் ஒரு வரிகூட வராது.

காரணம் இதுதான். "வேலை போனால்?" என்று ஒரு கேள்வி வருகிறது. அதற்கு விடை தேடுவதற்குள் "தவணை கட்ட முடியாவிட்டால்?" வந்துவிடுகிறது. அதை முடிப்பதற்குள் "வீடு கைவிட்டுப் போனால்?", பிறகு "மகள் படிப்பு பாதியில் நின்றால்?", கடைசியில் "அவள் என்னை மன்னிப்பாளா?" ஐந்து கேள்வி, விடை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு கேள்வியும் முந்தையதைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறது. தீர்வு தேடும் மனம் நேர்மாறாக வேலை செய்யும்: ஐந்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "என் சேமிப்பு எத்தனை மாதத் தவணைக்குத் தாங்கும்?" என்று கேட்கும். இந்தக் கேள்விக்கு விடை உண்டு. வங்கிக் கணக்கைத் திறந்து, இருப்பை மாதத் தவணையால் வகுத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நீங்கள் இதுவரை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றி எண் எதுவும் இல்லை என்பதால் சொல்கிறேன். இது சோம்பல் அல்ல. கணக்கைத் திறந்தால் ஓர் எண் கண்ணில் படும், அந்த எண் குத்தும். படுக்கையில் ஓடும் கவலையோ அப்படிக் குத்தாது, மந்தமாக வலித்துக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கவலையை ஆராய்ந்த தாமஸ் போர்க்கோவெக் கவனித்த விஷயம் இது: கவலை பெரும்பாலும் சொற்களாக ஓடுகிறது, காட்சியாக அல்ல. பயந்த காட்சியை நேராகப் பார்த்தால் நெஞ்சு படபடக்கும்; அதையே வார்த்தைகளாக ஓட்டிக்கொண்டிருந்தால் உடம்பின் அதிர்ச்சி அந்த நேரத்துக்குக் கொஞ்சம் அடங்கும். அந்தச் சின்ன நிவாரணத்துக்காகவே மனம் மறுபடி மறுபடி வார்த்தைக்குத் திரும்புகிறது. கவலைப்படுவது பிரச்சினையை எதிர்கொள்வது போலத் தோன்றினாலும், உண்மையில் அதிலிருந்து ஒதுங்கி நிற்கும் ஒரு வழி. பயத்தை நேரில் சந்திக்காததால் பயம் தேய்வதும் இல்லை.

சரி, அப்படியானால் களைத்துப்போயாவது ஏன் நிற்பதில்லை? எனக்கு இதில் மிகவும் பிடித்த விளக்கம் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் டேவியுடையது. எந்த வேலைக்கும் 'இதோடு போதும்' என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். எப்போதும் கவலைப்படுபவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் "எல்லாவற்றையும் யோசித்துவிட்டேனா?" என்பது. அதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? மனநிலையை வைத்து. மனம் இன்னும் பதறுகிறது, அப்படியென்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, இன்னும் யோசி. யோசித்தால் பதற்றம் கூடுகிறது. அதையே மறுபடியும் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். செக்கு மாடு சுற்றுவது இப்படித்தான்.

இந்த விளக்கத்தை டேவியும் உடன் பணியாற்றியவரும் 2001இல் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கவலையை எடுத்துக்கொண்டு, அதனால் என்னென்ன கெட்டது நேரலாம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கச் சொன்னார்கள். "உங்களால் முடிந்தவரை எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்றபோது, கவலைப்படும் பழக்கமுள்ளவர்கள் மற்றவர்களைவிட நீளமாகப் போனார்கள். "தொடர வேண்டும் என்று தோன்றும்வரை சொல்லுங்கள்" என்று விதியை மாற்றியதும் அதே மாதிரியான ஆட்கள் மற்றவர்களுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். முதல் விதியில் "இன்னும் முடியவில்லை" என்று சொன்ன அதே கெட்ட மனநிலை, இரண்டாவதில் "போதும்" என்று சொன்னது. நிறுத்த முடியாத குணம் உங்கள் பிறவிக் கோளாறு என்று நினைத்திருந்தால், அதைக் கைவிடலாம். நீங்கள் வைத்திருக்கும் விதிதான் கோளாறு.

எனவே விதியை மாற்றுங்கள். 'நிம்மதி வரும்வரை' என்பதற்குப் பதிலாக 'அடுத்த ஒரு செயல் தெரியும்வரை' என்று வைத்துக்கொள்ளுங்கள். நிம்மதி வந்தே தீரும் என்று யாரும் உறுதி தர முடியாது. செயலை எழுத முடியும்.

எப்படி என்றால், மாலையில் ஒரே நேரம், ஒரே நாற்காலி, அரை மணி நேரம். படுக்கையறை வேண்டாம். போர்க்கோவெக் குழு 1983லேயே முயன்று பார்த்த முறை இது. பகலிலோ இரவிலோ கவலை வந்தால் இரண்டு மூன்று சொல்லில் குறித்துவைத்துவிட்டு ("தவணை", "மேனேஜர் பார்வை") அந்த அரை மணிக்குத் தள்ளிப்போடுங்கள். விரட்டக்கூடாது, தள்ளிப்போட மட்டும்தான். விரட்டினால் இரண்டு மடங்காக வரும்.

அந்த அரை மணியில் ஒவ்வொரு குறிப்பையும் ஒரே கேள்வியால் பிரியுங்கள்: இது இப்போது இருக்கும் பிரச்சினையா, நாளைக்கு வரலாம் என்ற ஊகமா? உங்கள் விஷயத்தில் இப்படிப் பிரியும். சேமிப்பு எவ்வளவு நாள் தாங்கும், தவணையைத் தள்ளிவைக்க வங்கியில் வழி உண்டா, ரெஸ்யூமேயைக் கடைசியாக எப்போது திருத்தினீர்கள்: இவை இப்போதைய பிரச்சினைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல், ஒரு நாள். "வியாழக்கிழமை மதிய இடைவேளையில் வங்கிக்குப் போன் செய்து தள்ளிவைப்பு பற்றிக் கேட்பேன்" என்ற அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். "பணத்தைக் கவனிக்க வேண்டும்" என்று எழுதினால் அதுவும் கவலைதான், கொஞ்சம் நல்ல சட்டை போட்டிருக்கிறது.

ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் இருக்குமா, மகள் மன்னிப்பாளா: இவை ஊகங்கள். இவற்றுக்குத் தீர்வு தேடுவது தவறான கருவியை எடுப்பது. எவ்வளவு திட்டம் போட்டாலும் உறுதி கிடைக்காது. இங்கே பழக வேண்டியது 'தெரியாது' என்ற நிலையில் இருந்துகொண்டே இன்றைய வேலையைப் பார்ப்பது. அதைச் சின்ன விஷயங்களில் பழகலாம்: ஒரு மின்னஞ்சலை மூன்று முறை படித்துப் பார்க்காமல் ஒரே முறை படித்து அனுப்புவது, கணவரிடம் "எல்லாம் சரியாகிவிடும்தானே?" என்று கேட்காமல் ஒரு மாலையைக் கடத்துவது. முதல் சில தடவை பதற்றம் ஏறும். ஏறட்டும், எதுவும் செய்யாமலே அது இறங்குவதைப் பார்ப்பதுதான் பயிற்சி.

இந்த இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். கணக்குப் போடச் சொன்னால் ஐந்து நாளில் ஐந்து முறை போடுகிறார்கள், எண் மாறவே இல்லை. அது பிரச்சினை தீர்ப்பதன் வேஷத்தில் வந்த பழைய சுழல். இரண்டாவது தடவை அதே கணக்கைத் திறக்கக் கை போனால், புதிய தகவல் ஏதாவது வந்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

"நான் அப்போதே வேறு வேலைக்குப் போயிருக்க வேண்டும், ஏன் இப்படி இருந்துவிட்டேன்?" என்று இறந்தகாலத்திலும் மனம் போகலாம். இனிய நினைவுகளை அசைபோடுவது என்று நாம் சொல்வோம். இது செரிக்காததை அசைபோடுவது. 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி எப்போதும் உங்களைப் பற்றிய தீர்ப்பில் போய் முடியும். அதே விஷயத்தை 'எப்படி' என்று கேட்டுப் பாருங்கள்: அடுத்த வாய்ப்பு வந்தால் எப்படிக் கண்டுகொள்வேன்? இதற்கு விடை வரும். இரண்டு நிமிடம் ஓடிய பிறகு ஏதாவது புதிதாகப் புரிந்ததா, ஒரு செயல் கிடைத்ததா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் எழுந்து வேறு வேலை பாருங்கள்.

இன்னொரு பொறி. நீங்கள் பயந்தது பெரும்பாலும் நடக்காது. பொதுப் பதற்றக் கோளாறு உள்ள 29 பேரிடம் பென் ஸ்டேட் ஆய்வாளர்கள் அவர்களுடைய கவலைகளைக் குறித்துவைக்கச் சொல்லி, பிறகு என்ன நடந்தது என்று பார்த்தார்கள். 2020இல் வெளியான முடிவில் சுமார் 91 சதவீதக் கவலைகள் நிஜமாகவில்லை. சிறிய ஆய்வுதான், உங்கள் வேலை போகாது என்று அது சொல்லவும் இல்லை. விஷயம் வேறு: நடக்காமல் போகும் ஒவ்வொரு முறையும் "நான் கவலைப்பட்டதால்தான் தப்பித்தோம்" என்று மனம் கவலைக்கே மாலை போட்டுவிடுகிறது. போன வருஷம் மகள் உடம்பு சரியானதே, அது மருத்துவர் பார்த்ததாலா, நீங்கள் விழித்திருந்ததாலா? ஒரு நோட்டில் கவலையையும், பிறகு நடந்ததையும் பக்கத்தில் எழுதி வந்தால் அந்த மாலை யாருக்குப் போக வேண்டும் என்று தெரியும்.

ஒரு விஷயத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். தலைப்பு மாறிக்கொண்டே இருக்கிறது, கவலை மட்டும் மாறவில்லை என்பது கடிதத்தில் எனக்கு உறுத்தியது. ஆறு மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் கட்டுப்படுத்த முடியாத கவலை, கூடவே தூக்கக்கேடு, களைப்பு, எரிச்சல், தோள்பட்டை இறுக்கம், கவனமின்மை போன்றவை இருந்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே போலப் பதறும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் சொல்வார்கள். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை, இரண்டுமே பலருக்கு நன்றாக வேலை செய்கின்றன.

அப்புறம், உங்கள் கணவரிடம் ஒரு வேலை கொடுங்கள். "யோசிக்காதே" என்பதற்குப் பதிலாக, "இதற்கு இன்றைக்கு விடை இருக்கிறதா?" என்று ஒரே ஒரு முறை கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் இருவரும் உட்கார்ந்து வங்கிக் கணக்கைத் திறங்கள். இல்லையென்றால் அவர் சமாதானம் சொல்லக்கூடாது. அந்தக் கவலையைத் தாளில் குறித்துவிட்டு விளக்கை அணைத்துவிடலாம்.