குரூப் போட்டோவில் தோல் நிறத்தைச் சமன் செய்வது

குரூப் போட்டோவில் ஜன்னல் பக்கம் நின்றவர்கள் நீலமாகவும் பல்பு பக்கம் நின்றவர்கள் ஆரஞ்சாகவும் தெரிகிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

வெள்ளைப் பொருள் படத்திலும் வெள்ளையாகத் தெரியும்படி ஒளியின் சாயத்தைக் கழிப்பதுதான் வொயிட் பேலன்ஸ். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் கூடினால் நீலம், குறைந்தால் ஆரஞ்சு. பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் குண்டு பல்பு சுமார் 2800. கேமரா படம் முழுவதற்கும் ஒரே அளவைத்தான் கழிக்கும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே பவர் கண்ணாடி மாட்டிவிடுவது போலத்தான். ஒருவருக்குத் தெளிந்தால் இன்னொருவருக்கு மங்கும்.

அதனால் எடிட்டிங் ஆப்பில் முதலில் பெரும்பாலானவர்கள் நிற்கும் ஜன்னல் பக்கத்துக்கு வொயிட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள். அப்புறம் திருத்தம் ஆரஞ்சுப் பக்கத்தில் மட்டும் படும்படி அங்கே ஒரு மாஸ்க் போட்டு, டெம்பரேச்சர் ஸ்லைடரை நீலப் பக்கம் நகர்த்துங்கள். எவ்வளவு நகர்த்துவது? அங்கே ஒரு வெள்ளைச் சட்டை இருந்தால் அதன் மேல் கர்சரை வையுங்கள். சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவை R 240, G 215, B 170 என்று காட்டினால், மூன்றும் நெருங்கி வரும்வரை நகர்த்தலாம். முழுக்கச் சமமாக்கினால் முகம் வெளிறியதுபோலத் தெரியலாம். சிவப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

முகத்தை மட்டும் மாஸ்க் செய்தால் கழுத்தும் கையும் ஆரஞ்சாகவே நின்று காட்டிக்கொடுத்துவிடும். பல்பு வெளிச்சம் விழுந்த இடம் முழுவதையும் சேர்த்து, ஓரத்தை நன்றாக மென்மையாக்குங்கள். நடுவில் நிற்பவருக்குப் பாதித் திருத்தம் தானாகவே கிடைக்கும்.

பலரும் நினைப்பதுபோல எல்லாரையும் ஒரே நிறமாக்குவதல்ல இது; ஒளியின் சாயம்தான் போக வேண்டும், மாநிறமும் கறுப்பும் சிவப்பும் அவரவருக்கு அப்படியே இருக்கும்.